முன்பதிவில் சொல்லாத ரிசார்ட் கட்டணம்: பில்லில் வந்த பிறகு எழுதிக் கேட்பது எப்படி?

அறைக்கான தொகை எல்லாம் முடிவாகித்தான் புக் செய்தேன். காலி செய்யும்போது பில்லில் "Resort Fee" என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. இது என்ன? கொடுத்தே ஆக வேண்டுமா?

நீச்சல் குளம், வைஃபை, உடற்பயிற்சிக் கூடம் போன்ற வசதிகளுக்கு என்று சொல்லி, அறை வாடகைக்கு மேல் ஒவ்வோர் இரவுக்கும் ஹோட்டல் தானே விதிக்கும் கட்டணம் இது. அரசு வரி அல்ல. ஹோட்டலின் வருமானம்தான். அமெரிக்காவில்தான் இது மிகப் பரவலாக இருக்கிறது, அதனால் இந்தப் பக்கத்தில் கணக்கு டாலரிலும் சட்டம் அந்த நாட்டுச் சட்டமாகவும் இருக்கும். கடற்கரை விடுதிகளில் தொடங்கிய வழக்கம் இப்போது நகரத்து ஹோட்டல்களிலும் "Destination Fee", "Amenity Fee", "Facility Fee" என்ற பெயர்களில் இருக்கிறது. பெயர் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: நீங்கள் பணம் செலுத்த ஒப்புக்கொண்ட நேரத்தில் இந்தத் தொகை உங்கள் கண்ணுக்குக் காட்டப்பட்டதா?

காட்டப்பட்டிருந்தால், எரிச்சலாக இருந்தாலும் அது ஒப்பந்தத்தின் பகுதி. அதைத் திரும்பப் பெறுவது கடினம். காட்டப்படவில்லை என்றால், ஹோட்டல் உறுதி செய்த விலை ஒன்று, வசூலித்த விலை இன்னொன்று. இரண்டாவது வகையைப் பற்றித்தான் இந்தப் பக்கம். உங்களுடையது எந்த வகை என்று நேர்மையாகப் பார்த்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வரவேற்பு மேசையில் நிற்கிறேன், விமானத்துக்கு நேரமாகிறது. இப்போதே சண்டை போட வேண்டுமா?

சண்டை வேண்டாம், ஆனால் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போங்கள்: "என் உறுதி மின்னஞ்சலில் இந்தக் கட்டணம் இல்லை, பில்லிலிருந்து நீக்கித் தாருங்கள்." பணியில் இருக்கும் மேலாளரைக் கேளுங்கள். மேசையில் இருக்கும் ஊழியருக்குப் பெரும்பாலும் ஒரு வரியை நீக்கும் அதிகாரம் இருக்காது, மேலாளருக்கு இருக்கும். மின்னஞ்சலைக் கைபேசியில் திறந்து காட்டினால் அந்த இடத்திலேயே முடிந்துவிடும் வழக்குகள் உண்டு.

முடியாவிட்டால் மூன்று காரியங்களைச் செய்துவிட்டுக் கிளம்புங்கள். வரிவரியாகப் பிரித்த இறுதிப் பில்லை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணத்தை ஒரே தொகையாகக் காட்டும் அட்டை ரசீது மட்டும் போதாது. கையெழுத்துக் கேட்டால், அருகில் "ரிசார்ட் கட்டணத்தை ஏற்கவில்லை" என்று அவர்களுக்குப் புரியும் மொழியில் எழுதிப் போடுங்கள். ரொக்கமாகக் கொடுக்காமல் கிரெடிட் கார்டிலேயே செலுத்துங்கள், பின்னால் வங்கி வழியாகக் கேட்கும் கதவு அப்போதுதான் திறந்திருக்கும். யாரிடம் பேசினீர்கள், எத்தனை மணிக்கு, அவர் என்ன சொன்னார் என்பதை டாக்ஸியில் உட்கார்ந்ததுமே குறித்துவையுங்கள்.

உறுதி மின்னஞ்சலில் எதைப் பார்க்க வேண்டும்? அதில் ஏகப்பட்ட எண்கள் இருக்கின்றன.

பலரும் அறை வாடகைத் தொகையைக் காட்டி வாதாடுகிறார்கள். அது பலவீனமான இடம், ஏனென்றால் வாடகைக்கு மேல் வரி வரும் என்பது எல்லோருக்கும் தெரியும், கட்டணமும் அப்படித்தான் என்று ஹோட்டல் சொல்லிவிடும். நீங்கள் தேட வேண்டியது "மொத்தம்" என்ற வரி. அதன் அருகில் வரிகளும் கட்டணங்களும் சேர்ந்தது என்று பொருள்படும் "Total including taxes and fees" போன்ற சொற்கள் இருந்தால், உங்கள் கையில் இருப்பது வலுவான சான்று. எல்லாக் கட்டணமும் இதில் அடக்கம் என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்து, "Due at property" அல்லது "Pay at hotel" என்ற பகுதி. ஹோட்டலில் நேரில் கட்ட வேண்டிய தொகை அங்கே வரும். அது காலியாகவோ பூஜ்யமாகவோ இருந்தால் உங்களுக்குச் சாதகம். அங்கே ரிசார்ட் கட்டணம் தொகையோடு இருந்தால், மன்னிக்கவும், உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. மின்னஞ்சலின் அடி வரை உருட்டிப் படியுங்கள், "கட்டணங்கள்", "ஹோட்டல் விதிகள்" என்ற தலைப்புகளை விரித்துப் பாருங்கள். உங்கள் எதிர்த்தரப்பு முதலில் போய்ப் பார்க்கும் இடம் அதுதான், நீங்கள் அவர்களுக்கு முன்னால் பார்த்திருக்க வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கு வைத்துக்கொள்வோம், பின்வரும் பதில்களிலும் இதையே பயன்படுத்துகிறேன். 3 இரவுகள், இரவுக்கு 160 டாலர், வாடகை 480. வரி 12 சதவீதம், 57.60. உறுதி மின்னஞ்சலில் மொத்தம் 537.60. இறுதிப் பில்லில் 655.20. ரிசார்ட் கட்டணம் இரவுக்கு 35 வீதம் 105 டாலர். ஆனால் வித்தியாசம் 105 அல்ல, 117.60. மீதி 12.60 எங்கிருந்து வந்தது? அந்தக் கட்டணத்தின் மேலும் 12 சதவீத வரி போட்டிருக்கிறார்கள். இதைக் கவனிக்காமல் 105 மட்டும் கேட்பவர்கள்தான் அதிகம். கட்டணமே தவறு என்றால் அதன் மேல் விழுந்த வரியும் திரும்பி வர வேண்டும். இரண்டு மொத்தங்களையும் கழித்துப் பாருங்கள், வித்தியாசத்தில் நீங்கள் உண்மையிலேயே சாப்பிட்ட உணவோ வாகன நிறுத்தக் கட்டணமோ இருந்தால் அதை விலக்குங்கள். எஞ்சுவதுதான் உங்கள் கோரிக்கை.

வங்கிக் கணக்கில் ஹோட்டல் பெயரில் இரண்டு தொகைகள் தெரிகின்றன. இரண்டு முறை எடுத்துவிட்டார்களா?

அநேகமாக இல்லை. உள்ளே நுழையும்போது, சில்லறைச் செலவுகளுக்குப் பாதுகாப்பாக ஒரு தொகையை அட்டையில் நிறுத்திவைப்பார்கள். அது "Pending" என்று தெரியும், சில நாட்களில் தானே விலகிவிடும். அது விலகி இறுதித் தொகை பதிவாகும் வரை வங்கியில் முறையிட வேண்டாம், நிலுவையில் இருக்கும் தொகையை வங்கி பொதுவாக விசாரணைக்கு எடுத்துக்கொள்ளாது. ஹோட்டலுக்குக் கடிதம் எழுதுவதற்கு மட்டும் காத்திருக்கத் தேவையில்லை.

எங்கள் மின்னஞ்சலின் கடைசியில் பொடி எழுத்தில் "ஹோட்டல் கூடுதல் கட்டணங்கள் விதிக்கலாம்" என்று இருக்கிறது. அவ்வளவுதானா, விட்டுவிட வேண்டியதுதானா?

விட வேண்டாம். "விதிக்கலாம்" என்பது ஒரு சாத்தியம், விலை அல்ல. எவ்வளவு, எதற்கு, கட்டாயமா விருப்பமா என்று எதுவும் சொல்லாத வாக்கியம் ஒருவரை 117.60 டாலருக்குக் கட்டுப்படுத்துகிறது என்று வாதிடுவது ஹோட்டலுக்கு எளிதல்ல. அதே மின்னஞ்சலின் மேலே கட்டணங்கள் உட்பட மொத்தம் 537.60 என்று தொகையோடு இருக்கும்போது, தொகை இல்லாத பொது வாக்கியத்தை விட அதுவே எடை கூடியது.

இந்தப் பொடி எழுத்தை உங்கள் கடிதத்தில் மறைக்காதீர்கள். நீங்களே மேற்கோள் காட்டி, "இதில் தொகையும் இல்லை, கட்டாயம் என்ற சொல்லும் இல்லை" என்று ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லிவிடுங்கள். ஹோட்டல் அதைக் கண்டுபிடித்துக் காட்டினால் நீங்கள் எதையோ ஒளித்தது போலத் தெரியும். இரவுக்கு 35 டாலர் என்று தொகையோடு பொடி எழுத்தில் இருந்தால் நிலைமை வேறு. சான்றை வைத்து வெல்வது அப்போது கடினம், நல்லெண்ணத்தில் குறைத்துத் தரும்படி கேட்கலாம், அல்லது கீழே சட்டம் பற்றிய பதிலில் சொல்லும் வழியைப் பார்க்கலாம்.

புக்கிங் தளம் வழியாக எடுத்தேன். தளம் "ஹோட்டலைக் கேளுங்கள்" என்கிறது, ஹோட்டல் "தளத்தைக் கேளுங்கள்" என்கிறது. நான் யாருக்கு எழுதுவது?

அட்டை அறிக்கையைப் பாருங்கள். அந்தக் கட்டணத்தை யார் பெயரில் எடுத்திருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் முதல் கடிதம். ரிசார்ட் கட்டணம் பெரும்பாலும் ஹோட்டலின் பெயரிலேயே எடுக்கப்பட்டிருக்கும், அறை வாடகையைத் தளத்துக்கு முன்பே கட்டியிருந்தாலும்கூட. பணத்தை வாங்கியவர்தான் திருப்பித் தர முடியும்.

ஆனால் தளத்தை விட்டுவிடாதீர்கள். அதே கடிதத்தின் நகலைத் தளத்துக்கும் அனுப்பி, ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "இந்த முன்பதிவில் ரிசார்ட் கட்டணம் எனக்குக் காட்டப்பட்டதா? எந்தப் பக்கத்தில், எவ்வளவு?" "காட்டப்படவில்லை, ஹோட்டல் எங்களுக்குத் தெரிவிக்கவில்லை" என்று பதில் வந்தால், உங்கள் சான்று இரட்டிப்பாகிறது. "காட்டினோம்" என்று வந்தால், எப்படிக் காட்டினார்கள் என்பதற்கு ஆதாரம் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் இந்தப் பதில் காற்றோடு போய்விடும்.

கடிதத்தில் என்ன எழுதுவது? உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது.

கோபம் நியாயம்தான். ஆனால் அதைப் படிக்கப்போகிறவர் உங்களிடம் கட்டணம் வாங்கியவர் அல்ல, கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவர். அவருக்கு வேண்டியது இரண்டு எண்களும் அவற்றின் வித்தியாசமும். அறை அழுக்காக இருந்தது, லிஃப்ட் தாமதம் என்பதையெல்லாம் இதில் சேர்த்தால், தெளிவான பணக்கோரிக்கை ஒரு பொதுப் புகாராகச் சுருங்கி, மன்னிப்புக் கடிதத்தோடு முடிந்துவிடும். ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் ஏறத்தாழ இப்படி எழுதுங்கள், மொழி மட்டும் ஹோட்டலுக்குப் புரியும் மொழியாக இருக்கட்டும்:

> பொருள்: முன்பதிவில் இல்லாத ரிசார்ட் கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரிக்கை, 117.60 டாலர். முன்பதிவு எண், பில் எண், தங்கிய தேதிகள்.
>
> உங்கள் ஹோட்டலில் 3 இரவுகள் தங்கினேன். இணைப்பு 1-இல் உள்ள உறுதி மின்னஞ்சல், வரிகளும் கட்டணங்களும் உட்பட மொத்தம் 537.60 டாலர் என்று கூறுகிறது. ஹோட்டலில் கட்ட வேண்டிய தொகை என்று அதில் எதுவும் இல்லை.
>
> இணைப்பு 2-இல் உள்ள இறுதிப் பில்லில் 655.20 டாலர் வசூலிக்கப்பட்டுள்ளது. வித்தியாசம் 117.60: ரிசார்ட் கட்டணம் 105, அதன் மேல் வரி 12.60. இந்தக் கட்டணம் முன்பதிவின்போது எனக்குத் தெரிவிக்கப்படவில்லை, நான் இதற்கு ஒப்புதல் தரவும் இல்லை. செக்-அவுட்டின்போதே பணியில் இருந்த மேலாளரிடம் ஆட்சேபம் தெரிவித்தேன்.
>
> 117.60 டாலரை அதே அட்டைக்கு 14 நாட்களுக்குள் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கட்டணம் எனக்கு முன்பே தெரிவிக்கப்பட்டது என்று நீங்கள் கருதினால், அது எந்த ஆவணத்தில், எந்தத் தேதியில் என்பதை நகலுடன் அனுப்புங்கள். இல்லையெனில் அட்டை வழங்கிய வங்கியிடம் எழுத்துப்பூர்வமாக முறையிடுவேன்.

கடைசிப் பத்தியில் ஆவணம் கேட்கும் வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நிரூபிக்கும் பொறுப்பு அதனால் அவர்கள் பக்கம் போகிறது. அவர்கள் ஆவணம் தராமல் "இது எங்கள் கொள்கை" என்று மட்டும் பதில் எழுதினால், அந்தப் பதிலே நாளை வங்கிக்கு நீங்கள் தரும் சான்று. இணைப்புகளில் மொத்தத் தொகையையும் ரிசார்ட் கட்டணத்தையும் வட்டமிட்டு அனுப்புங்கள். அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களுக்கு மேல் எங்கும் எழுதாதீர்கள்.

செக்-இன் செய்யும்போது ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். அதில் ரிசார்ட் கட்டணம் இருந்ததாம். நான் படிக்கவில்லை. வழக்கு போய்விட்டதா?

இதுதான் ஹோட்டல்களின் வழக்கமான பதில், உண்மையிலேயே கடினமான கேள்வியும்கூட. கையெழுத்து உங்களுக்கு எதிரான சான்று, அதை மறுக்க முடியாது. ஆனால் நேரத்தைப் பாருங்கள். விலை முடிவானது முன்பதிவு நாளில். நீங்கள் பெட்டியோடு வந்து நின்ற இரவில் நீட்டப்பட்ட தாள் அதற்குப் பின்னால் வந்தது. முன்பணம் கட்டி, ரத்து செய்யும் காலக்கெடுவும் கடந்திருந்தால், அந்த நேரத்தில் மறுத்துவிட்டு வேறு ஹோட்டலுக்குப் போகும் சுதந்திரம் உங்களுக்கு நடைமுறையில் இல்லை. முன்பதிவின் ரத்து விதியையும் இணைப்பாக வைத்து இதை எழுதுங்கள்.

முதலில் அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இருந்தது என்று சொல்வது வேறு, காட்டுவது வேறு. தொகை அச்சிடப்பட்டு அதன் அருகில் உங்கள் சுருக்கொப்பம் இருந்தால், வெல்லும் வாய்ப்பு குறைவு என்பதை ஏற்றுக்கொண்டு பாதித் தொகைக்குப் பேசிப் பார்ப்பது புத்திசாலித்தனம். பொதுவான விதிமுறைகளுக்கு மட்டும் கையெழுத்திட்டிருந்தால், பொடி எழுத்துக்கு மேலே சொன்ன வாதமே இங்கும் பொருந்தும்.

நான் நீச்சல் குளத்தில் ஒரு நாள் இறங்கினேன். அது ஒரு பிரச்சினையா?

உங்கள் கோரிக்கை வசதியின் தரம் பற்றியது அல்ல, தெரிவிக்கப்படாத விலை பற்றியது. அதனால் "நான் குளத்தையே பார்க்கவில்லை" என்ற வாதத்தைத் தொடங்கவே தொடங்காதீர்கள். தொடங்கினால், வைஃபை பயன்படுத்தினீர்களே என்று அவர்கள் பதிவேட்டைக் காட்டுவார்கள், பேச்சு திசைமாறிவிடும்.

ஹோட்டல் பதிலே தரவில்லை. எத்தனை நாள் காத்திருப்பது? வங்கிக்கு எப்போது போவது?

கடிதத்தில் கொடுத்த 14 நாட்கள் போதும். ஹோட்டலின் மௌனத்தில் உங்கள் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் வழங்கப்பட்ட கிரெடிட் கார்டு என்றால், 1974-ஆம் ஆண்டின் நியாயமான கடன் பில் சட்டப்படி, தவறான தொகை முதலில் வந்த அறிக்கை அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் உங்கள் எழுத்துப்பூர்வ முறையீடு வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர வேண்டும் என்பதைக் கவனியுங்கள், அனுப்பினால் போதாது. அதுவும் பணம் கட்டும் முகவரிக்கு அல்ல, பில் விசாரணைக்கென்று அறிக்கையில் தனியாகத் தந்திருக்கும் முகவரிக்கு. வங்கி 30 நாட்களுக்குள் பெற்றதை ஒப்புக்கொள்ள வேண்டும், இரண்டு பில் சுழற்சிகளுக்குள், அதிகபட்சம் 90 நாட்களில், முடிவு சொல்ல வேண்டும். அதுவரை அந்த 117.60-ஐ மட்டும் நீங்கள் கட்டாமல் நிறுத்திவைக்கலாம், மீதியைக் கட்டியே ஆக வேண்டும்.

வேறு நாட்டு அட்டை என்றாலோ டெபிட் கார்டு என்றாலோ இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற அட்டை வலையமைப்புகளின் விதிகளில், ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் எடுத்தால் திருப்பிக் கேட்கும் நடைமுறை இருக்கிறது. காலக்கெடுவை உங்கள் வங்கியிடம் முதல் வாரத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வங்கியில் முழு பில்லையும் எதிர்த்தால் அதிக அழுத்தம் கிடைக்குமே?

செய்யாதீர்கள். நீங்கள் தங்கியது உண்மை, 537.60 கட்ட ஒப்புக்கொண்டதும் உண்மை. முழுத் தொகையையும் எதிர்த்தால், விருந்தினர் தங்கினார் என்பதை மட்டும் ஹோட்டல் நிரூபித்தால் போதும், உங்கள் முறையீடு அதோடு விழுந்துவிடும். 117.60 மட்டும் கேளுங்கள். வங்கியின் படிவத்தில் காரணமாக, ஒப்புக்கொண்டதைவிட அதிகத் தொகை எடுக்கப்பட்டது என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். "சேவை சரியில்லை", "எனக்குத் தெரியாத பரிவர்த்தனை" என்ற வகைகள் வேறு விசாரணைக்கு இட்டுச் செல்லும். ஹோட்டலுக்கு எழுதிய கடிதமும் இரண்டு இணைப்புகளும் அவர்களின் பதிலும், பதில் வரவில்லை என்றால் அந்தத் தகவலும் போதும்.

இப்படி மறைப்பதே சட்டவிரோதம் ஆகிவிட்டது என்கிறார்களே, உண்மையா?

அமெரிக்காவில் பெரும்பகுதி உண்மை. மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி 2025 மே 12 முதல் அமலில் இருக்கிறது. குறுகிய காலத் தங்குமிடங்களும் நேரடி நிகழ்ச்சி டிக்கெட்டுகளும் மட்டும் அதன் வரம்புக்குள் வருகின்றன. விலை காட்டும்போதே கட்டாயக் கட்டணங்கள் அனைத்தும் சேர்ந்த மொத்தத்தைக் காட்ட வேண்டும், அதுவும் மற்ற விலைகளைவிடத் தெளிவாகத் தெரியும்படி. அரசு வரியை மட்டும் அந்த மொத்தத்திலிருந்து விலக்கிக்கொள்ளலாம். அதனால் பொடி எழுத்தில் தொகை இருந்தது என்ற ஹோட்டலின் பதில், இந்தத் தேதிக்குப் பின் செய்த முன்பதிவுகளுக்கு முன்பு போல எடுபடாது.

இரண்டு எல்லைகளைச் சொல்லியாக வேண்டும். ரிசார்ட் கட்டணம் வாங்குவதை அந்த விதி தடை செய்யவில்லை, மறைத்துக் காட்டுவதைத்தான் தடை செய்கிறது. reportfraud.ftc.gov தளத்தில் நீங்கள் புகார் தரலாம், தர வேண்டும். ஆனால் ஆணையம் தனிநபர் வழக்கைத் தீர்த்துவைத்து உங்கள் பணத்தை வாங்கித் தராது. ஹோட்டல் இருக்கும் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவு சில வேளைகளில் ஹோட்டலுக்குக் கடிதம் எழுதிச் சமரசம் செய்துவைக்கும், அதனால் நகலை அங்கும் அனுப்புங்கள்.

பணத்துக்குப் பதில் அடுத்த முறை தங்க வவுச்சர் தருகிறார்கள். வாங்கலாமா?

அதே ஹோட்டலுக்கு நிச்சயமாகப் போகப்போகிறீர்கள் என்றால் யோசிக்கலாம். அந்த வவுச்சரைப் பயன்படுத்தும்போதும் ரிசார்ட் கட்டணம் உண்டா என்று எழுத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஏற்றுக்கொண்டால் பிரச்சினை தீர்ந்ததாகவே வங்கி கருதும், பிறகு பணமாகக் கேட்க முடியாது.

உறுதி மின்னஞ்சலை அழித்துவிட்டேன். இப்போது கணக்கில் நுழைந்து பார்த்தால் ரிசார்ட் கட்டணம் தெரிகிறது!

இன்றைய பக்கம் அன்றைய சான்று அல்ல. ஹோட்டல் தன் தகவலைப் பிறகு மாற்றியிருக்கலாம், தளம் புதிய விவரத்தைப் பழைய முன்பதிவிலும் காட்டலாம். முதலில் மின்னஞ்சலின் குப்பைத் தொட்டியைப் பாருங்கள். இல்லையென்றால் தளத்திடம், முன்பதிவு நாளில் அனுப்பிய அதே மின்னஞ்சலின் நகலைக் கேளுங்கள், புதிதாக உருவாக்கிய ரசீதை அல்ல. முன்பணம் கட்டிய தொகை வங்கி அறிக்கையில் இருந்தால் அதுவும் துணைச் சான்று. இனி புக் செய்பவர்கள், பணம் கட்டும் பொத்தானை அழுத்தும் முன் மொத்தம் தெரியும் திரையை ஒரு படம் எடுத்து வையுங்கள்.

வங்கி 117.60-ஐ என் கணக்கில் போட்டது, இரண்டு மாதம் கழித்துத் திரும்ப எடுத்துக்கொண்டது. ஏன்?

முதலில் போட்டது தற்காலிக வரவு. ஹோட்டல் பதில் கொடுத்திருக்கிறது, வங்கி அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அந்தப் பதில், மேலே பேசிய செக்-இன் தாளாகவோ ஹோட்டலின் சொந்த இணையதளத்தின் விதிமுறைப் பக்கமாகவோ இருக்கும். ஹோட்டல் கொடுத்த ஆவணங்களின் நகலை வங்கியிடம் உடனே கேளுங்கள். அவற்றைத் தேதி பார்த்துப் படியுங்கள்: அந்தப் பக்கம் உங்கள் முன்பதிவுக்கு முந்தையதா, நீங்கள் புக் செய்த தளத்தில் அது இருந்ததா, அதில் தொகை இருக்கிறதா?

மூன்றில் ஒன்றுக்கு விடை "இல்லை" என்றாலும், அதை மட்டும் சுட்டிக்காட்டி வங்கிக்கு மறுபதில் எழுதுங்கள். வங்கி தன் முடிவுக் கடிதத்தில் மறுபதிலுக்கு எத்தனை நாள் தந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள், அது மிகக் குறுகியதாக இருக்கும். அதுவும் தோற்றால், ஹோட்டல் இருக்கும் இடத்தின் சிறு வழக்கு நீதிமன்றம் எஞ்சுகிறது. அந்த ஊரிலேயே வசிப்பவருக்கு அது பயனுள்ள வழி. தொலைவிலிருந்து வந்து போனவருக்கு 117.60 டாலருக்காக அந்தச் செலவு தாங்காது. அவர் மாநில நுகர்வோர் பிரிவுக்கு அனுப்பிய நகலின் நிலை என்ன என்று கேட்டு எழுதட்டும்.